பி.பி. பார்க்கும்போது கேட்பது எதன் சத்தம்? செய்முறை வைவாவுக்கு ஒரு விளக்கம்

கஃப் கட்டாத கையில், முழங்கை மடிப்பின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஆரோக்கியமானவர் ஒருவர் ஓய்வாக உட்கார்ந்திருந்தால் எதுவும் கேட்காது. அடியில் பிரேக்கியல் தமனியில் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. கஃப்பைக் கட்டி, காற்றை ஏற்றி, மெல்ல இறக்கும்போது மட்டும் அதே இடத்தில் 'டப், டப்' என்று ஒலி எழுகிறது, கொஞ்ச நேரம் கழித்து நின்றுவிடுகிறது. கஃப் இல்லாதபோது ஏன் கேட்கவில்லை, கஃப் கட்டியதும் ஏன் கேட்டது, மறுபடி ஏன் நின்றது? இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு ரத்த அழுத்தச் செய்முறையின் வைவாவில் பெரும்பாலான கேள்விகள் கஷ்டமாக இருக்காது. பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்தவரோ, 'சின்ன கஃப் கட்டினால் அளவு கூடுமா, குறையுமா?' என்று கேட்டவுடன் தடுமாறுவார்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். இயல்பான தமனியில் ரத்தம் அடுக்கடுக்காக ஓடுகிறது. நடு அடுக்கு வேகமாகவும், சுவரை ஒட்டிய அடுக்கு மெதுவாகவும், ஒன்றோடொன்று கலக்காமல் நகரும். இந்த ஓட்டத்தில் சத்தம் இல்லை. நிறைந்து ஓடும் வாய்க்காலில் தண்ணீர் அமைதியாகப் போகும். மதகுப் பலகையைச் சற்றே தூக்கினால் அந்த இடுக்கில் சீறிக்கொண்டு பாயும். கஃப் செய்வதும் அதைத்தான். அது தமனியை வெளியிலிருந்து அழுத்தி இடுக்காக்குகிறது. இடுக்கின் வழியே பாயும் ரத்தத்தின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் அடுக்குகள் குலைந்து சுழல்கின்றன. அந்தச் சுழற்சியும், தமனிச் சுவர் திடீரென்று திறக்கும் அதிர்வும் சேர்ந்துதான் நம் காதுக்கு ஒலியாக வருகின்றன.

இங்கே ஒரு தவறான பதிலை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். 'இதய ஒலிதான் கைக்கு வந்து கேட்கிறது' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதய ஒலி வால்வுகள் மூடும்போது நெஞ்சில் உண்டாவது. இங்கே கேட்பது கஃப்புக்கு அடியிலும் அதைத் தாண்டிய உடனும் கையிலேயே உண்டாகும் ஒலி. கஃப்பை அவிழ்த்துவிட்டால் இதயம் துடித்துக்கொண்டே இருந்தாலும் ஒலி இல்லை என்பதே இதற்குச் சான்று.

இனி கஃப்பின் அழுத்தத்தை மூன்று நிலைகளில் வைத்துப் பாருங்கள். ஒருவருடைய ரத்த அழுத்தம் 120/80 என்று கொள்வோம். கஃப்பில் 140 மி.மீ. பாதரச அழுத்தம் இருந்தால், இதயம் சுருங்கும் உச்சத்தில்கூட தமனிக்குள் இருக்கும் அழுத்தம் அதை வெல்லாது. தமனி முழு நேரமும் மூடியிருக்கும், ரத்தம் போகாது, சத்தமும் இல்லை. கஃப்பில் 100 இருந்தால், துடிப்பின் உச்சத்தையொட்டிய சிறு நேரம் மட்டும் தமனி திறந்து, ரத்தம் பீறிட்டு, மீண்டும் மூடும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒலி. கஃப்பில் 70 இருந்தால், இதயம் விரியும் நேரத்தின் கடைசியில்கூட தமனிக்குள் 80 இருக்கிறது. அது எப்போதுமே மூடுவதில்லை. ஓட்டம் பழையபடி அடுக்கடுக்காகிவிடும், ஒலி மறையும். ஆகவே ஒலி முதலில் எழும் இடம் சிஸ்டாலிக், மறையும் இடம் டயஸ்டாலிக். முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் கஃப்பையும் பாதரசத் தூணையும் சேர்த்துக் கருவி செய்தபோது, மணிக்கட்டில் நாடியைத் தொட்டுத்தான் பார்த்தார். அதில் சிஸ்டாலிக் மட்டுமே கிடைத்தது. 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கோரோட்காஃப் தமனியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையை அறிவித்தார். டயஸ்டாலிக்கை வெளியிலிருந்தே அளக்க வழி பிறந்தது அதனால்தான். இந்த ஒலிகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

செய்முறைக்கு வருவோம். அளவு எடுக்கப்படுபவர் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் ஓய்வாக உட்கார்ந்திருக்க வேண்டும். முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். அளக்கும்போது அவர் பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முழுக்கைச் சட்டையை இறுக்கமாகச் சுருட்டி விடுவதைவிடக் கையைச் சட்டையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. சுருட்டிய துணியே மேல்கையை நெரிக்கும்.

கையை மேசை மேல் வைத்து, மேல்கையின் நடுப்பகுதி இதய மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுவுக்கு நேராக வருமாறு தாங்கல் கொடுங்கள். பைசெப்ஸ் தசைநாணுக்கு உட்புறமாக விரலை வைத்தால் பிரேக்கியல் தமனியின் துடிப்பு தெரியும். கஃப்புக்குள் இருக்கும் ரப்பர் பையின் நடுப்பகுதி அந்தத் தமனியின் மேல் வர வேண்டும். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்கட்டும். விளிம்புக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும்.

இப்போது ஸ்டெதஸ்கோப்பை எடுக்காதீர்கள். முதலில் ரேடியல் நாடியை விரலால் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 ஏற்றி, மெல்ல இறக்கினால் நாடி மீண்டும் விரலில் தட்டும் இடம் வரும். அதுதான் தொட்டறியும் முறையில் சிஸ்டாலிக். காற்றை முழுவதும் வெளியேற்றி, ஒரு நிமிடம் விடுங்கள்.

அடுத்து, ஸ்டெதஸ்கோப்பைத் தமனியின் மேல் வையுங்கள். கஃப்புக்கு அடியில் செருகக் கூடாது, அழுத்தவும் கூடாது. தோலில் முழுவதும் படிந்திருந்தால் போதும். இந்த ஒலிகள் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை என்பதால் 'பெல்' பக்கம் பொருத்தமானது. டயஃப்ரம் பக்கம் பெரிய பரப்பைத் தொடுவதால் பிடிப்பது எளிது, பெரும்பாலானோர் அதையே பயன்படுத்துகிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் காரணம் கேட்டால் இரண்டையும் சொல்லத் தெரிய வேண்டும். தொட்டறிந்த சிஸ்டாலிக்குக்கு மேல் 30 வரை காற்றை ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற வேகத்தில் இறக்குங்கள். வால்வு திருகை அரைச் சுற்றுகூடத் திருப்ப வேண்டியதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சற்றே நகர்ந்தால் போதும், பாதரசம் சீராக இறங்கத் தொடங்கும்.

இறங்கும்போது கேட்பதை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டத்தில் தெளிவான, மெல்லிய தட்டல். அடுத்தடுத்து குறைந்தது இரண்டு தட்டல்கள் கேட்க வேண்டும். ஒற்றைச் சத்தம் ரப்பர் குழாய் எங்காவது உரசியதாகவும் இருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் தட்டலோடு 'ஸ்ஸ்' என்ற சீறல் கலந்து, ஒலி சற்று மென்மையாகும். மூன்றாம் கட்டத்தில் தமனி அதிக நேரம் திறந்திருப்பதால் நிறைய ரத்தம் பாய்கிறது. ஒலி மறுபடி கூர்மையாகி, பலமாகக் கேட்கும். நான்காம் கட்டத்தில் திடீரென்று குரலை அடைத்தது போல ஒலி மங்கிவிடும். ஐந்தாம் கட்டம் என்பது ஒலியே இல்லாத நிலை. 'ஐந்தாவது ஒலி எப்படி இருக்கும்?' என்று தேர்வாளர் கேட்டால் அது கண்ணி வைத்த கேள்வி.

பயிற்சியின் தொடக்கத்தில் இந்த ஐந்தையும் ஒரே கையில் பிரித்துக் கேட்க முடியாமல் போவது சகஜம். இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் பலருக்கு ஒன்றாகவே கேட்கும். அவற்றால் அளவு மாறப் போவதில்லை. முதலாவதும், நான்காவதும், ஐந்தாவதும்தான் எண்ணாகப் பதிவாகின்றன.

டயஸ்டாலிக்குக்கு நான்காவதா, ஐந்தாவதா? பெரியவர்களுக்கு ஐந்தாவது. தமனிக்குள்ளேயே ஊசி செலுத்தி அளக்கும் உண்மையான டயஸ்டாலிக்குக்கு, ஒலி மறையும் புள்ளிதான் மங்கும் புள்ளியைவிட நெருக்கமாக இருக்கிறது. கேட்பவருக்குக் கேட்பவர் மாறாமல் சொல்லக்கூடியதும் அதுவே. 'மங்கியது' என்பதில் இருவர் வேறுபடுவார்கள், 'நின்றது' என்பதில் அவ்வளவாக வேறுபட மாட்டார்கள். ஆனால் சிலரிடம் ஒலி நிற்கவே நிற்காது, பாதரசம் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். கடும் உடற்பயிற்சி முடித்த உடனும், தைராய்டு மிகைப்பிலும், கடும் ரத்தசோகையிலும், அயோர்டிக் வால்வு கசியும் நோயிலும், சில கர்ப்பிணிகளிடமும், குழந்தைகளிடமும் இப்படி நடக்கும். இவர்களுக்கு ரத்தம் மிக வேகமாக ஓடுவதால், கஃப் லேசாகத் தொட்டாலே சுழற்சி எழுகிறது. டயஸ்டாலிக் பூஜ்யம் என்று எழுதுவதில் பொருள் இல்லை. அந்த நேரத்தில் நான்காம் கட்டத்தை எடுத்து, 124/64/0 என்று மூன்று எண்ணாகப் பதிய வேண்டும். நடு எண் மங்கிய இடம்.

இனி வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி: ஸ்டெதஸ்கோப் இருக்கும்போது முதலில் விரலால் பார்ப்பது எதற்கு? 'எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ள' என்பது பாதிப் பதில். மீதி, ஒலி இடைவெளியைப் பற்றியது. உயர் ரத்த அழுத்தம் உள்ள சிலரிடம் முதல் கட்ட ஒலி எழுந்து, சிறிது இறங்கியதும் அடியோடு மறைந்து, 20, 30, சில நேரம் 40 மி.மீ. இறங்கிய பிறகு மீண்டும் எழுகிறது. இடையில் தமனி திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறது, ரேடியல் நாடியும் விரலில் தட்டுகிறது, ஆனால் காதுக்கு எதுவும் எட்டவில்லை.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான அளவு 186/96. ஒலி 186-இல் எழுந்து 170-இல் மறைகிறது. 142-இல் மீண்டும் எழுந்து 96-இல் நிற்கிறது. முதலில் நாடியைப் பார்க்காத மாணவர், 'வழக்கமாக 160 போதும்' என்று அதுவரை ஏற்றுகிறார். சரியாக இடைவெளிக்குள் போய் நின்றுவிட்டார். சத்தம் இல்லாததால், சிஸ்டாலிக்கைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி இறக்குகிறார். 142-இல் முதல் ஒலி. எழுதுவது 142/96. சிஸ்டாலிக்கில் 44 மி.மீ. காணாமல் போய்விட்டது, கடுமையான உயர் அழுத்தம் மிதமானதாக எழுதப்பட்டுவிட்டது. இன்னொரு மாணவர் 200 வரை ஏற்றுகிறார், 186-இல் ஒலியைச் சரியாகப் பிடிக்கிறார், 170-இல் ஒலி நின்றதும் திருகை முழுவதும் திறந்துவிடுகிறார். அவர் எழுதுவது 186/170. இருவருமே கேட்டதைத்தான் எழுதினார்கள். நாடியை முதலில் பார்த்திருந்தால் முதல் மாணவர் 180-க்குச் சற்று மேல் நாடி மறைவதைக் கண்டு 210 வரை ஏற்றியிருப்பார். இரண்டாமவருக்கு மருந்து வேறு: ஒலி நின்ற பிறகும் அதே மெதுவான வேகத்தில் மேலும் 20, 30 மி.மீ. இறக்கிக் கேட்க வேண்டும். இந்த நோயாளியிடம் இடைவெளி 28 மி.மீ. என்பதால் 142-இல் திரும்பி வந்த ஒலியை அப்போது பிடித்திருப்பார். நாடி துலக்கமாக இருந்தும் இரு எண்களும் 16 மி.மீ. மட்டுமே விலகியிருப்பதே அவரைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

தொட்டறியும் முறையின் அளவு, கேட்டறியும் முறையைவிடச் சில மி.மீ. குறைவாக வருவது இயல்பு. முதல் சில துடிப்புகளில் கஃப்பைத் தாண்டும் ரத்தம் ஒலி எழுப்பப் போதும், மணிக்கட்டில் விரலை உந்தப் போதாது. தொட்டறிந்தது கேட்டறிந்ததைவிட 10-க்கும் மேல் கூடுதலாக வந்தால், காது ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது என்று பொருள், மறுபடி அளவெடுங்கள்.

பிழைகளுக்கு வருவோம். எந்தப் பிழையையும் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குள் கொண்டுவந்துவிடலாம். பாதரசம் காட்டும் அழுத்தம் உண்மையில் தமனியின் மேல் விழும் அழுத்தம்தானா? அது சரி என்றால், சரியான துடிப்பைக் காது பிடித்ததா?

முதல் கேள்விக்கு அடங்குவதில் பெரியது கஃப்பின் அளவு. ரப்பர் பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். பையின் அழுத்தம் அதன் நடுப்பகுதிக்கு நேர் கீழேதான் ஆழம் வரை குறையாமல் போகிறது. விளிம்புகளை நோக்கிக் குறைந்துவிடும். பை குறுகலாக இருந்தால், முழு அழுத்தமும் சதைக்குள் பாதியிலேயே சிதறிவிடும். தமனி மேல் 120 விழ வேண்டுமானால் பையில் 130, 140 ஏற்ற வேண்டிவரும், பாதரசம் அந்தப் பெரிய எண்ணைத்தான் காட்டும். அதனால் சின்ன கஃப் அளவைக் கூட்டிக் காட்டும். ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் கஃப்பின் பை பெரும்பாலும் 12 செ.மீ. அகலம், 23 செ.மீ. நீளம். 12 என்பது 30-இன் 40 சதவீதம். 23 என்பது 29-ஐ ஒட்டிய சுற்றளவின் 80 சதவீதம். சுற்றளவு 34 செ.மீ. உள்ள கைக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 13.5-க்கு 27. அவருக்கு அந்த கஃப்பைக் கட்டி 'பி.பி. கொஞ்சம் அதிகம்' என்று சொன்னால், அது அவருடைய தமனியைப் பற்றிய செய்தியாக இருக்க வேண்டியதில்லை. மிகப் பெரிய கஃப் குறைத்துக் காட்டும், ஆனால் அந்தப் பிழை சிறியது. தளர்வாகக் கட்டிய கஃப் காற்று ஏறியதும் நடுவில் பந்து போல உப்பும். கையைத் தொடும் அகலம் குறைவதால் அதுவும் சின்ன கஃப் போலவே கூட்டிக் காட்டும்.

அடுத்தது கையின் மட்டம். இதய மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு செ.மீ.க்கும் ரத்தத்தின் எடையால் தமனி அழுத்தம் 0.77 மி.மீ. பாதரசம் கூடுகிறது. கையைத் தொங்கவிட்டு, கஃப் 13 செ.மீ. தாழ்ந்தால் 10 மி.மீ. கூடுதலாகப் பதிவாகும். உயர்த்தினால் அதே கணக்கில் குறையும். 128/82 உள்ளவரை நாற்காலியின் ஓரத்தில் கை தொங்க வைத்து அளந்தால் 138/92 வரும். தாங்கல் இல்லாமல் அவரே கையை நீட்டிப் பிடித்திருந்தால், தசை முறுக்கேறுவதாலும் கொஞ்சம் கூடும்.

இதோடு சேர்ந்து ஒரு குழப்பம் உண்டு. 'கருவியும் இதய மட்டத்தில் இருக்க வேண்டும்' என்று பலர் எழுதுகிறார்கள். கஃப்பையும் பாதரசக் கலத்தையும் இணைக்கும் குழாயில் இருப்பது காற்று. காற்றின் எடை இந்த உயரத்துக்குப் பொருட்படுத்த வேண்டியதே அல்ல. பெட்டியை மேசையில் வைத்தாலும் தரையில் வைத்தாலும் எண் மாறாது. இதய மட்டத்தில் இருக்க வேண்டியது கஃப். கருவி இருக்க வேண்டிய இடம் உங்கள் கண் மட்டம்; மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் பாதரசத்தின் விளிம்பு வேறு கோட்டோடு பொருந்தித் தெரியும். தூணும் செங்குத்தாக நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்த மாணவரிடம் தேர்வாளர் இந்தப் பகுதியில் மேலும் கேட்பது குறைவு.

காற்று ஏற்றுவதற்கு முன் பாதரசம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 4-இல் நின்றால் எல்லா அளவும் 4 கூடும். தூணின் உச்சியில் காற்று போய்வரும் துளை அடைத்திருந்தால் பாதரசம் தயங்கித் தயங்கி நகரும். பாதரசத்தைக் கைவிட்டு வரும் இடங்களில் முள் காட்டும் அனிராய்டு கருவிதான் இருக்கும். அதன் ஸ்பிரிங் அடி வாங்கினாலும் முள் பூஜ்யத்தில் நிற்கக்கூடும், ஆகவே அவ்வப்போது சரியான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்வி காதைப் பற்றியது. அதில் முதலிடம் இறக்கும் வேகத்துக்கு. முன்பு சொன்ன 128/82 நபரின் நாடி நிமிடத்துக்கு 60 என்று கொள்வோம், நொடிக்கு ஒரு துடிப்பு. மாணவர் நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில் இறக்குகிறார். ஒரு துடிப்பின்போது கஃப்பில் 129 இருந்தது, தமனி திறக்கவில்லை. அடுத்த துடிப்பு வருவதற்குள் கஃப் 119-க்கு வந்துவிட்டது. முதல் ஒலி அங்கேதான். பிறகு 109, 99, 89 என்று துடிப்புகள் கேட்கின்றன, 79-இல் கேட்கவில்லை. கடைசியாகக் கேட்டது 89-இல் என்பதால் அதையே எடுக்கிறார். ஏறக்குறைய 120/88 என்று பதிவாகும். சிஸ்டாலிக் 8 குறைந்தது, டயஸ்டாலிக் 6 கூடியது, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 46-இலிருந்து 32 ஆகச் சுருங்கியது. நொடிக்கு 2 மி.மீ. என்று இறக்கினால் இரு பக்கமும் பிழை 2-ஐத் தாண்டாது. நாடி மெதுவாக இருப்பவர்களுக்கு இதைவிட மெதுவாக, துடிப்புக்கு 2 மி.மீ. என்ற கணக்கில் இறக்க வேண்டும்.

அதற்காக நத்தை வேகமும் கூடாது. கஃப் நீண்ட நேரம் இருந்தால் சிரைகள் வழியே ரத்தம் திரும்ப முடியாமல் முன்கையில் தேங்கும். தேங்கிய கைக்குள் புது ரத்தம் வேகமாகப் பாய முடியாது, ஒலி மங்கும். பாதியில் சந்தேகம் வந்து மறுபடி 'புஸ் புஸ்' என்று காற்று ஏற்றுவது இந்தத் தேக்கத்தை இன்னும் கூட்டும். முழுவதும் இறக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, புதிதாகத் தொடங்குவதே வழி. ஒலி மெலிதாகவே கேட்டால், காற்று ஏற்றும் முன் அவரைக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள்; சிரைகள் வடிந்துவிடும். உயர்த்திய நிலையிலேயே காற்றை ஏற்றி, கையை இறக்கி, கேட்டால் ஒலி தெளிவாக இருக்கும்.

ஸ்டெதஸ்கோப்பை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? கஃப் விட்டுவிட்ட பிறகும் ஸ்டெதஸ்கோப்பே தமனியை இடுக்காக்கும். சுழற்சி நீடிக்கும், ஒலி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, டயஸ்டாலிக் குறைவாகப் பதிவாகும். சிஸ்டாலிக் பெரிதாக மாறாது. எந்தத் திசையில் பிழை என்று யோசித்துச் சொல்ல இது நல்ல பயிற்சி.

கடைசி எண்ணில் கை வைக்கும் பழக்கமும் காதுக் கணக்கில்தான் சேரும். பாதரச அளவுகோலில் கோடுகள் 2 மி.மீ.க்கு ஒன்று. ஆகவே பதிவு எப்போதும் இரட்டைப்படையில் முடிய வேண்டும். ஒரு மாணவர் 117/75 என்று எழுதினால், அந்த எண் அளவுகோலில் இல்லை என்பது தேர்வாளருக்கு உடனே தெரியும். எல்லாருக்கும் 120/80, 130/80, 110/70 என்று எழுதியிருந்தாலும் அதே சந்தேகம்தான். காது 126-இல் கேட்டதை மனம் 130 என்று எழுதும் பழக்கம், மருத்துவமனைப் பதிவேடுகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

சிறு கேள்விகள் சில. மேல்கையை ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? அது இதய மட்டத்தில் இருக்கிறது, தமனி தோலுக்கு அருகில் ஓடுகிறது, பின்னால் ஒரே ஓர் எலும்பு இருப்பதால் அதன் மேல் அழுத்தித் தமனியை மூட முடிகிறது. எந்தக் கை? முதல் முறை இரண்டிலும் எடுத்து, கூடுதலாக உள்ள கையை இனி வரும் அளவுகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 10-க்கு மேல் வேறுபாடு நிலையாக இருந்தால் காரணம் தேட வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையில் கஃப் கட்டக் கூடாது. சராசரி அழுத்தம் என்ன? டயஸ்டாலிக்கோடு வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 128/82-க்கு 82 + 46/3, அதாவது ஏறக்குறைய 97. நேர்பாதியாகக் கூட்டாததற்குக் காரணம், ஓய்வு நிலையில் இதயம் சுருங்கும் நேரத்தைவிட விரியும் நேரம் அதிகம்.

பதிவில் எண் மட்டும் போதாது. '128/82, வலது கை, உட்கார்ந்த நிலை, 5 நிமிட ஓய்வுக்குப் பின், ஐந்தாம் கட்டம்' என்று எழுதினால்தான் அடுத்தவர் அதே முறையில் அளந்து ஒப்பிட முடியும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இந்த முறை கைவிட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன. நாடி ஒழுங்கற்றுத் துடிப்பவர்களிடம், குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் வேறு. ஒரே அளவை நம்பாமல் பல முறை எடுத்துச் சராசரி காண வேண்டும். சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனியை அழுத்தி மூடவே கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால், வயதானவர் சிலரிடம் இல்லாத உயர் அழுத்தம் தெரியும். அதிர்ச்சி நிலையில் கையின் குழாய்கள் சுருங்கி ஓட்டம் மிகக் குறைந்துவிடுவதால் ஒலியே எழாமல் போகலாம், அல்லது உண்மையைவிட மிகக் குறைவான எண்ணில் எழலாம். அங்கே 'பி.பி. கேட்கவில்லை' என்பதை அழுத்தம் இல்லை என்று படிக்கக் கூடாது; தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனிக்குள் குழாய் செலுத்தி நேரடியாக அளப்பது இதனால்தான்.